பேணியும் பேப்பர் கப்பும்: ஒரு ஒபிசின்ர கோப்பிக் கணக்கு

"அண்ணா, நாங்கள் கிளிநொச்சியில ஒரு ஒபிசில 14 பேர். காலமையும் பின்னேரமும் பால்கோப்பி, எல்லாம் பேப்பர் கப்பிலதான். புதுசா வந்த சேர் இது சூழலுக்குக் கூடாது, ஆளுக்கொரு ஸ்டீல் மக் வாங்குவம் எண்டுறார். எங்கட கணக்குப் பகுதி அக்கா சொல்லுறா, கடதாசி தானே, உக்கிப் போயிடும், ஸ்டீல் செய்யத்தான் கனக்க காபன் போகுது எண்டு. இதில ஆர் சொல்லுறது சரி?"

தங்கச்சி, மக் வாங்க முதல் உங்கட ஒபிஸ் அலுமாரியை ஒருக்காத் திறந்து பாருங்கோ. எந்த ஒபிசிலயும் பழைய கண்ணாடிக் கிளாஸ் அரை டசினாவது, ஆரோ பரிசா குடுத்த பீங்கான் கப் நாலைஞ்சாவது தூசி பிடிச்சுக் கிடக்கும். அது ஏற்கெனவே செய்து முடிஞ்ச சாமான், அதைச் செய்யப் போன காபன் எப்பவோ போட்டுது, இனி அதைக் கழுவிக் குடிச்சா புதுசா சேருறது கழுவிற தண்ணியும் கொஞ்சச் சோப்பும் மட்டும்தான். சேரும் அக்காவும் பிடிக்கிற சண்டை புதுசா வாங்கிற மக்கைப் பற்றினது. பழசு இருந்தா அந்தச் சண்டையே தேவையில்லை.

சரி, அலுமாரி வெறும் எண்டே வைப்பம். கணக்குக்கு வாறன்.

முதல்ல கப்பை விட்டிட்டு கோப்பியைப் பாருங்கோ, ஏனெண்டா கப்பின்ர பங்கு எவ்வளவு எண்டு தெரியாமக் கதைச்சா வீண். உங்கட ஒபிஸ் கோப்பி எண்டா 150 மில்லிலீற்றர் தண்ணி, குவிச்சு ஒரு தேக்கரண்டி கோப்பித்தூள், ரெண்டு கரண்டி பால்மா, சீனி, இவ்வளவும்தானே. பால்மா 15 கிராம் எண்டு வையுங்கோ. ஒரு கிலோ முழு ஆடைப் பால்மா செய்ய கிட்டத்தட்ட 8 லீற்றர் பால் வேணும், அப்ப உங்கட 15 கிராமுக்குள்ள 120 மில்லி பால் வத்திப்போய்க் கிடக்கு. மாடு அசை போடேக்க வாயால விடுற மெதேன், புல்லுக்குப் போடுற பசளை எல்லாத்தையும் காபனீரொட்சைட்டாக் கணக்குப் பண்ணினா நல்லா நடத்திற பண்ணையிலயே லீற்றருக்கு ஒரு கிலோ அளவில வரும். பிறகு பாலைக் காய வைச்சு மாவாக்கிற செலவு. எல்லாம் சேர்த்து உங்கட கப்புக்குள்ள இருக்கிற பால்மாவால மட்டும் 120 இல இருந்து 150 கிராம் காபன். நியூசிலாந்தில இருந்து கப்பல்ல வருதே, அதுதான் பெரிய செலவா இருக்கும் எண்டு கனபேர் நினைக்கினம், உண்மையில கப்பல் பயணம் ஒரு கப்புக்கு ரெண்டு கிராம்தான் வரும். கப்பல்ல கன சாமான் ஒண்டாப் போறபடியா கிலோவுக்கு விழுற பங்கு சரியான குறைவு. பிழை மாட்டிலதான், கப்பல்ல இல்லை.

கோப்பித்தூள் அடுத்தது. இது எங்க, எப்பிடி விளைஞ்சது எண்டதைப் பொறுத்து பயங்கரமா மாறும். லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜ் ஆக்கள் பிரேசில், வியட்நாம் கோப்பியை வைச்சு 2020 இல செய்த கணக்கில, வழக்கமான முறையில விளைவிச்சு இங்கிலாந்துக்குக் கொண்டு போற பச்சைக் கொட்டை கிலோவுக்கு 15 கிலோ காபனீரொட்சைட்டு, பசளையைக் குறைச்சு விமானத்தில ஏத்தாமக் கப்பல்ல கொண்டுபோனா மூண்டரைக் கிலோ. ஒரே கொட்டை, நாலு மடங்கு வித்தியாசம். எங்கட நாட்டுக் கோப்பி கூடுதலா கண்டி, மாத்தளைப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில மற்ற மரங்களின்ர நிழலுக்குக் கீழ வளருறது, அதுக்குப் பசளை குறைவு, அதால கீழ்ப்பக்கம்தான் நிக்கும் எண்டு நினைக்கிறன். உங்கட ஒரு கரண்டிக்கு 25 இல இருந்து 75 கிராம் எண்டு வையுங்கோ. மல்லியும் வேர்க்கொம்பும் கலந்து வறுத்த தூள் எண்டா கோப்பியின்ர பங்கு இன்னும் குறையும், ருசியும் நல்லம், அது வேற கதை.

தண்ணி கொதிக்க வைக்க: 150 மில்லியை மட்டும் கரண்ட் கேத்தில்ல கொதிக்க வைச்சா ஒரு யூனிற்றில நூறில ஒண்டரைப் பங்குதான் போகும். எங்கட கரண்ட் மழை நல்லாப் பெய்த வருசத்தில மலைநாட்டு நீரால வரும், இல்லையெண்டா நுரைச்சோலை நிலக்கரியும் டீசலும், ஆகவே யூனிற்றுக்கு ஏறத்தாழ அரைக்கிலோ எண்டு பிடிச்சா ஒரு கப்புக்கு 7, 8 கிராம் வருது. சீனி அஞ்சு கிராம் போல.

இப்ப கப். நான் எங்கட கடையில வாங்கின சின்ன பேப்பர் கப் பத்தை நகைக்கடைத் தராசில நிறுத்துப் பாத்தன், 46 கிராம். அப்ப ஒண்டு 4.6 கிராம். கடதாசி செய்யிற சக்தி, உள்ளுக்குப் பூசிற பிளாஸ்டிக், கப்பா வெட்டி ஒட்டிறது, கொண்டு வாறது எல்லாம் சேர்த்து 10 கிராம் காபன் எண்டு வைச்சா பெரிய பிழை வராது.

ஆக உங்கட பால்கோப்பி ஒண்டு 200 கிராம் காபன் அளவு, அதில கப் 10 கிராம், நூறுக்கு அஞ்சு. பால் போடாத வெறுங்கோப்பி எண்டா மொத்தமே 50 இல இருந்து 100 கிராம்தான், அப்ப அதே கப் நூறுக்கு பத்து, இருபது எண்டு ஏறும். கப் பெருசாகேல்லை, மற்றது சின்னதாப் போட்டுது.

இதால உங்கட சேருக்கு ஒரு விசயம் சொல்லலாம். நீங்கள் 14 பேர், நாளைக்கு 28 கப், மாசம் 22 நாள் வேலை எண்டா 616 கப். கப்பால மட்டும் மாசம் 6 கிலோ காபன். மோட்டச்சைக்கிள்ல யாழ்ப்பாணம் ஒருக்காப் போய் வாற அளவு பெற்றோல், அவ்வளவுதான். ஆனா மொத்தக் கோப்பியும் 120 கிலோவுக்கு மேல. இதில இன்னொரு ஓட்டை இருக்கு, நான் வேலை செய்த இடத்தில கண்ணால கண்டது. ஆரோ ஒராள் தனிய வருவார், கேத்திலை கழுத்து வரைக்கும் நிரப்பி, 1.8 லீற்றரையும் கொதிக்க விட்டு, ஒரு கப் ஊத்திக்கொண்டு போவார். அரை மணித்தியாலத்தால அடுத்த ஆள் வருவா, அது ஆறிப்போட்டுது எண்டு திருப்பி முழுக்கக் கொதிக்க வைப்பா. ஒரு தரம் நிரப்பிக் கொதிக்க வைக்க 90 கிராம் காபன் போகுது, ஒம்பது பேப்பர் கப்! கப்பை மாத்தாம கேத்திலை அளவா நிரப்பினாலே நீங்கள் கப்பில மிச்சம் பிடிக்கிறதை விடக் கூட மிச்சம். பத்து மணிக்கு எல்லாருக்கும் ஒண்டாப் போட்டு தெர்மோ பிளாஸ்க்கில ஊத்தி வைச்சாலும் சரி.

இனி ஸ்டீல் மக். ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பேணி ஒண்டு 90 கிராம் இருக்கும். எவர்சில்வர் ஒரு கிலோ செய்ய, பழைய இரும்பு எவ்வளவு சேர்க்கினம் எண்டதைப் பொறுத்து 3 இல இருந்து 7 கிலோ வரை காபன் போகும். 6 எண்டு மோசமாவே வையுங்கோ, பேணி ஒண்டு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அக்கா சொல்லுறது இந்த இடத்தில உண்மை, ஒரு பேணி ஐம்பது பேப்பர் கப்புக்கு மேல கடனோடதான் பிறக்குது. ஆனா கடன் எத்தினை நாளில அடைபடும் எண்டது பேணியைப் பொறுத்ததில்லை. அதை எப்பிடிக் கழுவிறீங்கள் எண்டதைப் பொறுத்தது. கனபேர் கோட்டை விடுற இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ.

ஒவ்வொரு தரம் பேணியில குடிக்கேக்கயும் ஒரு பேப்பர் கப் மிச்சம், அதாவது 10 கிராம் மிச்சம். ஆனா கழுவிறதுக்கு ஏதோ போகுது. பச்சைத் தண்ணியில, சோப்புப் பஞ்சால தேய்ச்சு, ஒரு லீற்றர் ரெண்டு லீற்றர் விட்டு அலசினா, கிணத்தில இருந்து மோட்டர் இறைக்கிற கரண்ட் ஒரு கிராம்கூட வராது, சோப்பையும் சேர்த்து ஒரு கிராம் எண்டு வையுங்கோ. அப்ப தரத்துக்கு 9 கிராம் லாபம். 540 ஐ 9 ஆல பிரிச்சா 60. நாளைக்கு ரெண்டு தரம் குடிச்சா 30 வேலை நாள், ஒண்டரை மாசத்துக்குக் கிட்ட. அதுக்குப் பிறகு குடிக்கிறது எல்லாம் லாபம், பேணி இருபது வருசம் கிடக்கும்.

இப்ப அதே பேணியை அரை லீற்றர் சுடுதண்ணி விட்டுக் கழுவிறீங்கள் எண்டு வைப்பம். பெரிசாக் கொதிக்கக்கூடத் தேவையில்லை, 60 பாகை போதும். கேத்தில் கரண்ட் 11 கிராம். மிச்சம் பிடிக்கிறது 10, கழுவப் போறது 11. இனி அந்தப் பேணி நூறு வருசம் இருந்தாலும் பேப்பர் கப்பை வெல்லாது, ஒவ்வொரு நாளும் கடன் கூடிக்கொண்டுதான் போகும்.

இது நான் புதுசாக் கண்டுபிடிச்சதில்லை. கனடாவில விக்டோரியா பல்கலைக்கழகத்தில மார்ட்டின் ஹொக்கிங் எண்ட வேதியியல் பேராசிரியர் 1994 இலேயே இதைச் சக்திக் கணக்கில செய்து காட்டினவர். பீங்கான் கப் ஒண்டு செய்ய 14 மெகாயூல், பேப்பர் கப் அரை மெகாயூலுக்குக் கொஞ்சம் மேல, டிஷ் வோஷரில ஒரு கப்பை ஒருக்காக் கழுவ 0.18. இந்தக் கணக்கில பீங்கான் கப் 39 தரம் பாவிச்சாத்தான் பேப்பர் கப்போட சமனாகும். அதே கப்பை றெஜிபோம் கப்போட ஒப்பிட்டா 1006 தரம். ஏன் இப்பிடித் தாவுது? றெஜிபோம் கப் செய்யிற சக்தி 0.2 தான், ஒரு தரம் கழுவிறதுக்குப் போற சக்திக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. மிச்சம் எண்டு ஒண்டுமில்லாத இடத்தில கடனை எப்பிடி அடைக்கிறது. இந்த 1006 ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, பாத்தியா கழுவிப் பாவிக்கிறதெல்லாம் பொய் எண்டு சொல்லுறவை இருக்கினம், அவை சொல்லாம விடுறது அது வெளிநாட்டு டிஷ் வோஷர், சுடுதண்ணி எண்டதை. எங்களுக்கு குழாயில வாற தண்ணியே மத்தியானத்தில கை சுடுற அளவு, அது சூரியன் சும்மா தாறது. இந்தக் கணக்கில வன்னி வெயிலாலயும் ஒரு லாபம் இருக்கு.

தேத்தண்ணிக் கடைக்காரர் சுடுதண்ணியில கிளாஸ் அலசுறவைதானே எண்டு கேப்பீங்கள். அவை ஒரு வாளி சுடுதண்ணியில ஐம்பது கிளாஸ் தோய்ச்சு எடுப்பினம், ஒரு கிளாசுக்கு விழுறது நூறு மில்லிதான். காஸ் அடுப்பில சூடாக்கினாலும் கிளாசுக்கு ரெண்டு கிராம் வராது. ஏ9 வீதியில முந்தி எந்தக் கடையில ஏறினாலும் தடிச்ச கண்ணாடிக் கிளாஸ்தான், கொரோனாவோட அதெல்லாம் உள்ளுக்குப் போய் பேப்பர் கப் வந்திட்டுது, பிறகு கொரோனா போனாலும் கப் போகேல்லை. முறிகண்டியில பஸ் நிண்டு வெளிக்கிட்டாப் பிறகு கச்சான் கோதோட சேர்ந்து எவ்வளவு கப் கிடக்குது எண்டு ஒருக்காப் பாருங்கோ.

அங்கதான் அக்காவின்ர மற்றக் கதை வருது, உக்கிப் போகும் எண்டது. அது பிழை. வெறும் கடதாசியில சுடக் கோப்பி ஊத்தினா கொஞ்ச நேரத்தில கப் சொதசொதத்துப் போகும், அதால உள்பக்கத்தில மெல்லிய பொலித்தீன் பூசிறவை. அது தண்ணியைத் தடுக்கிறது மட்டுமில்லை, கப்பின்ர பக்கத் தையலையும் அடியையும் ஒட்டிற பசையும் அதுதான், சூடு காட்டினவுடன உருகி ஒட்டும். நிறையில பாத்தா நூறுக்கு அஞ்சில இருந்து பத்து வரை. வீட்டில சோதிச்சுப் பாக்கலாம். ஒரு கப்பைக் கிழிச்சு இரவு முழுக்கத் தண்ணியில ஊறவிடுங்கோ. காலமை விரலால தேய்ச்சா வெளிக் கடதாசி கூழாக் கழண்டு வரும், உள்ளுக்கு கண்ணாடி மாதிரி ஒரு தோல் முழுசா மிஞ்சும். அந்தத் தோல் உக்காது, துண்டு துண்டா உடையும், அவ்வளவுதான். சோளத்தில செய்த பிளாஸ்டிக் பூசின கப்பும் இருக்கு, மக்கும் எண்டு எழுதியிருக்கும், அது 60 பாகைக்குக் கிட்ட சூடு வைச்சிருக்கிற பெரிய உரத் தொழிற்சாலையில மக்கும், உங்கட வளவுக் குழியில இல்லை.

மீள்சுழற்சிக்கும் போகாது. கடதாசியைக் கூழாக்கிற சாதாரண ஆலையில இந்தத் தோல் கழண்டு வர நேரம் காணாது, தனி இயந்திரம் வேணும். இங்கிலாந்தில 2018 இல அவையின்ர பாராளுமன்றக் குழு சொன்ன கணக்கில, வருசம் 250 கோடி கப் பாவிச்சினம், 400 இல ஒண்டுகூட மீள்சுழற்சிக்குப் போகேல்லை. அவ்வளவு வசதி இருக்கிற நாடே அப்பிடியெண்டா எங்கட கப்புக்கு ரெண்டு வழிதான், ஒண்டு குப்பை மேடு, மற்றது வளவு மூலையில நெருப்பு. ஆழமான மேட்டில புதைஞ்சா கடதாசி காத்தில்லாம அழுகி மெதேன் விடும், அப்ப அந்த 10 கிராம் இரட்டிப்பாகவும் கூடும். எரிச்சா பிளாஸ்டிக்கால வாற காபன் கப்புக்கு ஒரு கிராம் சொச்சம்தான், ஆனா அந்தப் புகை உங்கட மூக்குக்குத்தான் போகும்.

கார்த்திகை மழைக்கு வெளியில கிடக்கிற கப்பை நான் காபனை விடப் பயப்பிடுவன். தண்ணி ஒழுகாம இருக்கத்தானே உள்ளுக்குப் பூசினது, மழைத் தண்ணியையும் அப்பிடியே வைச்சிருக்கும், ஒரு கிழமை பத்து நாள் போதும் டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்க. இன்னொண்டு, இந்தியாவில ஐஐடி கரக்பூர் ஆக்கள் 2021 இல பாத்தவை, 85, 90 பாகைச் சுடுதண்ணி 100 மில்லியை பேப்பர் கப்பில 15 நிமிசம் வைச்சா அந்தப் பூச்சில இருந்து 25,000 அளவில நுண்துகள் தண்ணிக்குள்ள வருது எண்டு. அது உடம்புக்கு என்ன செய்யும் எண்டது வேற ஆக்களின்ர துறை, நான் அதுக்குள்ள போகேல்லை.

ஆகவே சேர் சொல்லுறதைச் செய்யலாம், ஆனா அவர் காட்டுற மக் எது எண்டு பாருங்கோ. மூடி, கைபிடி, ரெண்டு சுவர் எல்லாம் வைச்ச மினுக்கு மக் எண்டா 300 கிராம் நிறை, ரெண்டு கிலோ காபன், 220 தரம் குடிச்சாத்தான் சமன், உங்கட கணக்கில அஞ்சு மாசம். அதுக்குள்ள மூடி றப்பருக்குள்ள பால் மணம் பிடிச்சு, அதைப் போக்க கொதிதண்ணி ஊத்தி, பிறகு ஆரும் தொடாம அலுமாரிக்குப் போற மக்குகளை நான் கனக்கக் கண்டிட்டன். ஒற்றைச் சுவர்ப் பேணி காணும், பேர் எழுதி வைச்சா போதும். பிளாஸ்ரிக் கப்புக்குப் போகலாமோ எண்டு ஆரும் கேட்டா, தட்டு, கரண்டி, கப் எண்டு ஒருக்காப் பாவிச்சு எறியிற பிளாஸ்டிக்குகளை 2023 ஒக்டோபர் 1 இல இருந்து நாட்டில தடை செய்தாச்சு, அந்தக் கதை முடிஞ்சுது.

கடைசியா ஒண்டு, கணக்கில வராதது. 14 பேரின்ர பேணியையும் நாளைக்கு ரெண்டு தரம் கழுவப் போறது ஆர்? கோப்பி போடுற அம்மாவின்ர தலையில அதைக் கட்டினீங்கள் எண்டா ரெண்டு கிழமையில பேப்பர் கப் திரும்பி வரும், அவவில பிழையுமில்லை. அவரவர் பேணியை அவரவர் கழுவோணும், குடிச்ச உடனயே கழுவோணும், ஏனெண்டா பால் காய்ஞ்சா பச்சைத் தண்ணியில போகாது, அப்ப சுடுதண்ணி தேடுவீங்கள், மேல சொன்ன 11 கிராம் வந்து நிக்கும். சேரும் தன்ர பேணியைத் தானே கழுவச் சம்மதிக்கிறாரோ எண்டு முதல்ல கேட்டிட்டு மற்றதை யோசியுங்கோ. பேப்பர் கப் ஒரு பக்கெட் மட்டும் அலுமாரியில கிடக்கட்டும், கூட்டத்துக்கு அறுபது பேர் வாற நாளைக்கு அறுபது பேணி வாங்கத் தேவையில்லை.